டிப்ளாயன்ட் கிளாஸ்பா, சாதா பக்கிளா: ஸ்ட்ராப்புக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு

கேள்வி: அண்ணா, 40 மிமீ வாட்ச், லெதர் ஸ்ட்ராப், முள்ளு வச்ச சாதா பக்கிள். ஒரு வருஷத்துலயே நான் போடற ஓட்டைகிட்ட வெடிச்சுடுது, இது ரெண்டாவது ஸ்ட்ராப். டிப்ளாயன்ட் கிளாஸ்ப், அதான் மடிஞ்சு மூடற மெட்டல் பூட்டு, அத போட்டா பல வருஷம் வரும்னு கடைல சொல்றாங்க. என் மணிக்கட்டு 15.5 செமீ தான், நாள் பூரா லேப்டாப் வேலை. மாத்தலாமா, இல்ல கைய உறுத்துமா?

பதில்: ஸ்ட்ராப்ப மட்டும் பாத்தா டிப்ளாயன்ட்தான் நல்லது, கைய பாத்தா சாதா பக்கிள்தான் நல்லது, உங்க அளவு கைக்கு நான் பக்கிள் பக்கம்தான் நிப்பேன். ஆனா கடைக்காரர் சொன்னதும் பொய் இல்ல, பாதி உண்மை. எந்த பாதின்னு தெரியணும்னா மொதல்ல செத்துப்போன அந்த பழைய ஸ்ட்ராப்ப எடுத்து வெளிச்சத்துல பாருங்க, தூக்கி போட்டுட்டீங்கன்னா இப்ப கட்டியிருக்கறதயாவது கழட்டி பாருங்க.

வெடிப்பு மேல்பக்கம் இருக்கா, அதுவும் ஓட்டைக்கு குறுக்கால ஒரு கோடு மாதிரி ஓடுதா? அப்படின்னா அது மடிப்பால வந்தது. சாதா பக்கிள கழட்டும்போது என்ன பண்றோம்னு கவனிச்சு பாருங்க, முள்ளு ஓட்டைலேந்து வெளிய வரணும்னா ஸ்ட்ராப்போட நுனிய புடிச்சு பின்னாடி இழுத்து கிட்டத்தட்ட செங்குத்தா மடக்கணும், போடும்போதும் கொஞ்சம் கம்மியா அதே மடிப்புதான். காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு வச்சாலே வருஷத்துக்கு 730 தடவ, எல்லாமே ஒரே ஓட்டைல, ஏற்கனவே ஓட்டை போட்டதால பலம் கொறஞ்சு இருக்கற அந்த ஒரே எடத்துல. கம்பிய ஒரே எடத்துல மடக்கி மடக்கி ஒடிக்கற கதைதான்.

டிப்ளாயன்ட் காப்பாத்தறது இந்த ஒரு விஷயத்ததான். அதுல ஓட்டைய ஒரு தடவ செட் பண்ணி மாட்டிட்டா ஸ்ட்ராப் ஒரு வளையமாவே இருக்கும், தினமும் திறந்து மூடறது மெட்டல் மடக்குதான், லெதர் கிட்டத்தட்ட அசையறதே இல்ல. கார்ட்டியே கம்பெனி 1910 வாக்குல இதுக்கு பேட்டண்ட் எடுத்தாங்க, நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை யோசனை மாறல. இன்னொரு லாபம், கட்டும்போது கை நழுவினாலும் வாட்ச் கீழ விழாம வளையத்தோட கைலயே தொங்கும்.

இப்ப அடுத்த சோதனை. ஓட்டை வட்டமா இல்லாம ஒரு பக்கமா நீண்டு கண்ணீர்த்துளி மாதிரி இருந்தா, நீங்க ரொம்ப இறுக்கி கட்டறீங்கன்னு அர்த்தம். அதுக்கு டிப்ளாயன்ட் ஒண்ணும் பண்ணாது, ஏன்னா அதுலயும் ஒரு சின்ன முள்ளு அதே ஓட்டைல குத்திட்டு அதே இழுவையதான் தாங்குது. ஸ்ட்ராப்ப திருப்பி அடிப்பக்கம் பாருங்க, கையோட ஒட்டற லைனிங் கருத்து போயி, பொருக்கு பொருக்கா உரிஞ்சு, மோந்து பாத்தா ஒரு புளிச்ச வாடை, ஓரத்துல தையல் விட்டு போயிருந்தா அது வேர்வை. வேர்வைல இருக்கற உப்பும் ஈரமும் லெதர்ல இருக்கற எண்ணெய்ப்பசைய போக்கி வெறச்சுப்போக வச்சிடும், அப்படி வெறச்ச லெதர் பத்து தடவ மடக்கினாலே வெடிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு பாதிக்கு மேல ஸ்ட்ராப்புங்க இப்படித்தான் போகுதுன்னு நான் பாத்த வரைக்கும் சொல்வேன், அதுல பழி மட்டும் பக்கிள் மேல விழுது. வேர்வைல செத்த ஸ்ட்ராப்புக்கு டிப்ளாயன்ட் மாட்டினா காசுதான் வேஸ்ட். இன்னும் சொல்லப்போனா, சில டிப்ளாயன்ட்ல ஸ்ட்ராப் நுனி உள்பக்கமா போய் தோலுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவுல உக்காரும், வெளிய பாக்க லூப் எதுவும் இல்லாம அழகா இருக்கும், ஆனா வேர்வைய குடிக்கறதுக்கு இன்னொரு துண்டு லெதரயும் உள்ள அனுப்பி வைக்கறோம்.

சரி, கைக்கு வருவோம், உங்க கேஸ்ல இதுதான் முக்கியம். சாதா பக்கிள்ல பிரேமுக்கும் தோலுக்கும் நடுவுல நீள துண்டோட லெதர் வந்துடும், மெட்டல் கைய தொடறதே அபூர்வம். டிப்ளாயன்ட்ல அப்படி இல்ல, மூணு நாலு சென்டிமீட்டருக்கு ஒரு வளைஞ்ச தகடு நேரா தோல் மேல உக்காரும், அந்த வளைவு யாரோட கைக்கோ செஞ்சது, உங்களுக்கு பொருந்தினா ஜம்முனு இருக்கும், இல்லைன்னா ரெண்டு முனையும் குத்தும். ஒரு ஸ்கேல் எடுத்து மணிக்கட்டோட உள்பக்கம் வச்சு பாருங்க, தட்டையா இருக்கற எடம் எவ்வளவுன்னு. பெரிய கைக்காரங்களுக்கு அங்க தாராளமா எடம் இருக்கும், உங்க அளவுக்கு தகடு முழுக்க தட்டையான எடத்துல அடங்கறதே கஷ்டம், ஒரு முனை பக்கவாட்டு வளைவுல ஏறிடும்.

அது எங்க ஏறும்னு கணக்கே போட்டுடலாம். உங்க வாட்ச் 40 மிமீன்னா ஸ்ட்ராப் மாட்டற கொம்பு இருக்கே, லக்கு, மேல் லக்லேந்து கீழ் லக் வரைக்கும் சுமாரா 47 மிமீ வரும்னு வச்சுப்போம். மணிக்கட்டு சுத்தளவு 155, அதுல 47 போனா மிச்சம் 108, ரெண்டா பிரிச்சா ஒரு பக்கத்துக்கு 54. அதாவது 12 மணி பக்கத்து சின்ன துண்டு 54 மிமீ இருந்தா அது கரெக்டா கையோட அடிப்பக்க நடுவுல முடியும். ஆனா கடைல கிடைக்கற சாதாரண ஸ்ட்ராப்புல சின்ன துண்டு 75 மிமீ, பெரிய துண்டு 115 இல்ல 120. அப்ப உங்க பக்கிள் நடுவுலேந்து ரெண்டு செமீ தாண்டி, இடது கைல கட்டினா கட்டைவிரல் பக்கமா தள்ளிதான் நிக்கும், இப்பவே அப்படித்தான் நிக்கும், பாருங்க. பக்கிள் சின்னதா இருக்கறதால அந்த ரெண்டு செமீ தெரியல. அதே எடத்துலேந்து மூணு நாலு செமீ மெட்டல் ஆரம்பிச்சா? பெரும்பாலான டிசைன்ல சின்ன துண்டு எங்க முடியுதோ அங்கதான் தகடு தொடங்கும், அது எலும்பு மேல போய் முட்டும். வாட்சும் மேல நடுவுல நிக்காது, எதிர் பக்கமா சரியும், நீங்க நேரம் பாக்க ஒவ்வொரு தடவையும் தள்ளி விட்டுட்டே இருப்பீங்க.

லேப்டாப் விஷயம் இதோட சேந்ததுதான். டைப் பண்ணும்போது மணிக்கட்டோட அடிப்பக்கம்தான் மேஜைலயோ லேப்டாப் ஓரத்துலயோ அழுந்தும், பக்கிள் அங்க ஒல்லியா இருக்கும், டிப்ளாயன்ட் மூடின நெலைல பல மாடல் அதவிட தடிமன். அந்த தடிமன் கைய மேல தூக்கி விடும், லேப்டாப்புல கோடும் போடும், சாயந்திரம் கழட்டினா ரெண்டு சிவந்த அச்சு இருக்கும்.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. வெயில் நேரத்துல, மதியத்துக்கு மேல கை கொஞ்சம் வீங்கும், காலைல சரியா இருந்த ஸ்ட்ராப் மூணு மணிக்கு இறுக்கும். பக்கிள்னா ஒரு ஓட்டை லூஸ் பண்ணிக்கலாம், ரெண்டு செகண்ட் வேலை. டிப்ளாயன்ட்ல அதே ஒரு ஓட்டைய மாத்தணும்னா கழட்டி, முள்ள நெம்பி, நுனிய திரும்ப சொருகணும், ஆபீஸ்ல உக்காந்து யாரும் அத பண்றதில்ல, பல்ல கடிச்சுட்டு இறுக்கமாவே போட்டுட்டு இருப்பாங்க, வேர்வை உள்ளயே நிக்கும், கையும் சிவக்கும் லைனிங்கும் கெடும். ஓட்டைக்கு ஓட்டை ஆறேழு மிமீ இடைவெளி, அதனால ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உங்க அளவு மாட்டிக்கிட்டா டிப்ளாயன்ட் இன்னும் மோசம். (சிவப்பு அச்சு வேற, அரிப்பு வேற. மெட்டல் தொடற வடிவத்துலயே அரிச்சு பொரிப்பொரியா வந்தா நிக்கல் அலர்ஜியா இருக்கலாம், மலிவான முலாம் போட்ட கிளாஸ்ப்ல அது ஜாஸ்தி, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.)

அதனால நான் உங்க எடத்துல இருந்தா இப்படி பண்ணுவேன். மொதல்ல ஷார்ட் சைஸ் ஸ்ட்ராப் கேளுங்க, 65/105 கிட்ட வரும், சாதா பக்கிளோடயே. பக்கிள் ஒரு செமீ நடுவுக்கு நகந்து வந்துடும். போடும்போது முள்ளு குத்தினதுக்கு அப்புறமும் ஸ்ட்ராப்புக்கு அடில ஒரு விரல் நுழையணும். கழட்டும்போது நுனிய புடிச்சு சுண்டி இழுக்காம, மொதல்ல லூப்லேந்து நுனிய வெளிய எடுத்துட்டு, பக்கிள்கிட்டயே கட்டைவிரலால ஸ்ட்ராப்ப உள்பக்கமா கொஞ்சம் தள்ளி லூஸ் குடுத்து முள்ள எடுங்க, மடிப்பு பாதியா கொறையும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்த ஒணந்த துணியால தொடச்சு, காத்து படற மாதிரி விரிச்சு வைங்க, டப்பாக்குள்ள உடனே போடாதீங்க. ரெண்டு ஸ்ட்ராப் வச்சு மாத்தி மாத்தி போட்டா ஒவ்வொண்ணும் முழுசா காஞ்சு வர நேரம் கெடைக்கும்.

பழைய ஸ்ட்ராப்ப பாத்ததுல மேல்பக்க மடிப்பு வெடிப்பு மட்டும்தான், அடில லைனிங் சுத்தமா இருக்குன்னா, டிப்ளாயன்ட் உங்களுக்கு நெஜமாவே காசு மிச்சம் பண்ணும், கைல மாட்டி பாத்து வாங்கினா போதும். வாங்கப்போகும்போது கவனிக்க வேண்டியது, கிளாஸ்ப் சைஸ் லக் அகலத்துக்கு இல்ல, ஸ்ட்ராப்போட பக்கிள் முனை அகலத்துக்கு. 20 மிமீ ஸ்ட்ராப் அந்த முனைல 18ஓ 16ஓ இருக்கும், ஸ்கேல்ல அளந்துட்டு போங்க. ரெண்டு பக்கமும் பட்டன் அழுத்தி திறக்கறதா பாருங்க, பட்டன் இல்லாம வெறும் அழுத்தத்துல நிக்கறத தெறக்க ஸ்ட்ராப்பயே புடிச்சு இழுப்போம், எத காப்பாத்த வாங்கினோமோ அதுவே கெடும். நுனி தடிமனா இருக்கற ஸ்ட்ராப் வேண்டாம், மூடி சரியா மூடாது, மூடினாலும் லெதர நசுக்கும்.

கடைல அத மாட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷமாவது அவங்க கவுண்டர் மேலயே கைய வச்சு டைப் பண்ற மாதிரி விரல ஆட்டி பாருங்க, கைய உள்பக்கமும் மடக்குங்க. தகடு முனை நரம்புல குத்தினாலோ முடிய இழுத்தாலோ அப்பவே தெரிஞ்சுடும், போகப்போக பழகிடும்னு கடைல சொன்னா நம்பாதீங்க, லெதர் பழகும், ஸ்டீல் பழகாது. பழைய பக்கிள அவங்ககிட்டயே விட்டுட்டு வராம அத ஸ்ட்ராப்புல மாட்டற சின்ன ஸ்பிரிங் பாரோட கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, சித்திரை வெயில்ல திரும்ப மாட்ட தோணும்.