"அம்மாவிடம் சொல்லாதே" என்று எழுதும் அண்ணன்

மதிப்பிற்குரிய அம்மா,

என் மகனுக்கு 12 வயது. செல்போன் விளையாட்டில் அறிமுகமான ஒருவனை 'அண்ணா' என்று அழைக்கிறான். கல்லூரி முடித்தவன் என்று சொல்லியிருக்கிறான். நேற்று அந்த உரையாடலைத் தற்செயலாகப் பார்த்தேன். "உன் வயதில் இவ்வளவு அறிவுள்ள பையனை நான் பார்த்ததே இல்லை" என்று புகழ்கிறான். விளையாட்டுக்கான டைமண்ட் இரண்டு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறான். "அம்மாவிடம் சொல்லாதே, போனைப் பிடுங்கிவிடுவார்" என்கிறான். செய்தி தானாக அழிந்துவிடும் வேறொரு செயலிக்கு வரச் சொல்கிறான். ஒரு நாள் இரவு, "கதவு சாத்தியிருக்கிறதா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறான். ஆபாசமாக ஒன்றும் இல்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா? என் கணவர் கோபக்காரர், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு தாய், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வீணாகப் பயப்படவில்லை. ஆபாசம் இல்லாததை வைத்து அமைதியடைய வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் அதைக் கடைசியில்தான் கொண்டுவருவார்கள். வீட்டில் கிடைக்காத பாராட்டைப் புகழ்ச்சி தருகிறது. அண்ணா இவ்வளவு செய்தாரே, மறுக்கக் கூடாதே என்ற கடன் உணர்வைப் பரிசு உண்டாக்குகிறது. இரகசியம் உங்களைப் பிள்ளையின் எதிர்ப்பக்கத்தில் நிறுத்துகிறது. இவை மூன்றும் உறுதியான பிறகு ஒரு புகைப்படம் கேட்பான். அது கைக்குக் கிடைத்தால் புகழ்ச்சி மிரட்டலாக மாறும்.

கதவைப் பற்றிய கேள்விதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. உங்கள் பிள்ளை தனியாக இருக்கும் நேரத்தை அவன் அளந்து பார்க்கிறான். செயலி மாறச் சொல்வது தடயம் இல்லாமல் பேசுவதற்காக. அவனுடைய உள்நோக்கத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பெற்றோருக்குத் தெரியக் கூடாது என்று சிறுவனிடம் ஒரு பெரியவர் சொல்வதே நீங்கள் தலையிடப் போதுமானது.

முதலில், எதையும் அழிக்காதீர்கள். மகன் போல நடித்து அவனுக்குப் பதில் எழுதவோ அவனைத் திட்டவோ வேண்டாம். சுதாரித்துக்கொண்டால் கணக்கையே அழித்துவிட்டு வேறு பெயரில் வருவான். அவனுடைய பயனர் பெயர், விளையாட்டு ஐடி, பரிசு வந்த விவரம், தேதியும் நேரமும் தெரியும்படி உரையாடல் ஆகியவற்றை இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். மகனின் அந்தரங்கப் படம் ஏதாவது கண்ணில் பட்டால் அதை மட்டும் நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். அந்தப் போனை அப்படியே காவல்துறையிடம் காட்டுங்கள்.

அடுத்து கணவரிடம் சொல்லுங்கள், மகன் தூங்கிய பிறகு. மகனிடம் பேசுவது நீங்கள் ஒருவராகவே இருக்கட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து விசாரித்தால் அவன் வாயே திறக்க மாட்டான்.

போனைப் பிடுங்கிவிடாதீர்கள். அம்மா அப்படித்தான் செய்வார் என்று அந்த ஆள் ஏற்கெனவே உங்கள் மகனிடம் சொல்லிவைத்திருக்கிறான். நீங்கள் பிடுங்கினால் அவன் வாக்கு பலித்ததாகும். "உன் உரையாடலைப் பார்த்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அண்ணா உன்னிடம் படம் ஏதாவது கேட்டாரா? நீ அனுப்பியிருந்தாலும் தப்பு அவருடையதுதான்" என்று தொடங்குங்கள். பிறகு மகன் பேசும்வரை பொறுத்திருங்கள். "அண்ணா நல்லவர்" என்று வாதாடுவான், அழவும் செய்வான். அவனைப் பொறுத்தவரை அவன் இழப்பது ஒரு நண்பனை. அந்தத் துக்கத்தை ஏளனம் செய்யாதீர்கள்.

அதன் பிறகு மகனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். இதே ஆள் வேறு பிள்ளைகளிடமும் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதால் புகாரும் அவசியம். குழந்தைகள் உதவி எண் 1098 இரவும் பகலும் இயங்குகிறது. cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே பெயர் சொல்லாமலும் புகார் அளிக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்தோடு இணையம் வழியாகச் சிறாரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதையும் குற்றமாக்குகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். மகனைக் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல நேருமோ என்று தயங்க வேண்டாம்: சீருடை அணியாத அதிகாரி உங்கள் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், பிள்ளையின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது.

வரும் சில வாரங்களுக்கு, இரவில் போன் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். உங்கள் இருவருடைய போன்களும் அதே இடத்தில் இருக்கட்டும். புதிய பெயரில் ஒருவன் நட்புக் கோரிக்கை அனுப்பி, பழைய டைமண்ட் பற்றிப் பேசினால் அது அதே ஆளாக இருக்கக் கூடும். அந்தப் பெயரையும் படம் எடுத்துப் புகாரில் சேர்த்துவிடுங்கள்.