பத்தி சுருங்கும்போது 'ஆனால்' தொலையாமல் இருக்க

கேள்வி: நீளமான பத்தியை ஒரே வாக்கியமாக்கினால் அதிலுள்ள நிபந்தனை காணாமல் போகிறது. என்ன செய்வது?

முதலில் 'ஆனால்', 'தவிர', 'இல்லாவிட்டால்' வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். வயிற்றுப்போக்கின்போது குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு பத்தி: குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் நன்றாக உறிஞ்சும், வீட்டிலேயே கொடுக்கலாம், நீரிழப்பு கடுமையானால் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று இருபது வரி ஓடுகிறது. "ஓ.ஆர்.எஸ். நீரிழப்பைச் சரிசெய்யும்" என்று நிறுத்தினால் ஆபத்து, மயங்கிக் கிடக்கும் குழந்தைக்கும் அதையே புகட்டப் பார்ப்பார்கள்.

நிபந்தனையைத் தனி வாக்கியமாக்காமல் எச்சமாக்கி முன்னால் வையுங்கள்: "நீரிழப்பு கடுமையாகாதவரை, வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஓ.ஆர்.எஸ். கொடுத்தே ஈடுசெய்யலாம்." குளுக்கோஸ் வெறும் காரணம்தான். சுவாரசியமானது, சரி, ஆனாலும் அதை வெட்டலாம்.