கன்டெய்னர் புக்கிங் கேட்டு எழுதும்போது எடை, துறைமுகம், தேதி மூன்றையும் எப்படிக் குறிப்பிடுவது?

கேள்வி: முதன்முறையாக ஏற்றுமதி செய்கிறேன். கன்டெய்னரில் இடம் பிடித்துத் தரச் சொல்லி ஷிப்பிங் ஏஜென்டுக்கு எழுத வேண்டும். சரக்கின் எடை, துறைமுகம், கப்பல் புறப்படும் தேதி மூன்றையும் எழுதினால் போதும் என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்:

முக்கியமானவை இந்த மூன்றும்தான்; கூடவே சரக்கு என்ன, கட்டணம் யார் கொடுப்பது போன்ற சில வரிகளும் வேண்டும். ஆனால் ‘எடை’ என்றால் எந்த எடை, ‘தேதி’ என்றால் எந்தத் தேதி என்பதில்தான் எல்லாரும் இடறுகிறோம். நானும் இடறியவன்தான்.

என் முதல் சரக்கு தரை ஓடுகள். பதினேழு பேலட் என்று முடிவாகி, ஏஜென்டுக்கு ‘எடை 18,700 கிலோ’ என்று எழுதினேன். விலைப்பட்டியலில் இருந்த எண் அது, வெறும் ஓட்டின் நிகர எடை. அட்டைப்பெட்டி, மரப் பேலட், கட்டும் பட்டை எல்லாம் சேர்ந்து ஒரு பேலட்டுக்கு 45 கிலோ கூடும் என்பது என் நினைவிலேயே இல்லை. இரண்டு நாள் கழித்து வாங்குபவர் இன்னும் மூன்று பேலட் கேட்டார். கன்டெய்னரில் இடம் இருந்தது, மகிழ்ச்சியோடு ஏற்றிவிட்டேன். ஏஜென்டுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

கன்டெய்னரை எடைபோட்ட சீட்டு போன பிறகு ஏஜென்டிடமிருந்து தொலைபேசி வந்தது. “தம்பி, பதினெட்டு டன் எழுநூறு என்றுதானே எழுதினீர்கள்? சீட்டு இருபத்தைந்து டன்னுக்கு மேல் காட்டுகிறதே, உள்ளே என்ன வைத்தீர்கள்?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த வாரக் கப்பலில் எடைக்கு இடம் இல்லை என்று கூறி, கன்டெய்னரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கப்பல் நிரம்புவது பெட்டி வைக்கும் இடத்தால் மட்டுமல்ல, எடையாலும் நிரம்பும். பெட்டிக்கு இடம் காலியாக இருக்கும்போதே தாங்கும் எடை தீர்ந்துபோகலாம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே முதலில் எடை. இதில் மூன்று எண்கள் உண்டு. ஓட்டின் எடை மட்டும் நிகர எடை. அதோடு பெட்டி, பேலட், பட்டை சேர்ந்தால் சரக்கின் மொத்த எடை. புக்கிங் கேட்கும்போது எழுத வேண்டியது இந்த மொத்த எடையைத்தான். மூன்றாவது, இந்த மொத்த எடையோடு கன்டெய்னரின் வெற்று எடையும் உள்ளே முட்டுக் கொடுத்த கட்டைகளின் எடையும் சேர்ந்தது. இதைத்தான் வி.ஜி.எம். என்கிறார்கள், அதாவது சரிபார்த்த மொத்த எடை. 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் சரக்கு நிரப்பிய எந்தக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி. சொல்ல வேண்டிய பொறுப்பு அனுப்புபவருடையது.

என் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். இருபது பேலட், ஒவ்வொன்றிலும் 1,100 கிலோ ஓடு: 22,000 கிலோ. பேலட்டுக்கு 45 கிலோ வீதம் 900 கிலோ. மொத்த எடை 22,900. முட்டுக்கட்டைக்கு 100, கன்டெய்னரின் வெற்று எடை 2,250. வி.ஜி.எம். 25,250 கிலோ. நான் எழுதிய 18,700-உடன் வெற்று எடையைக் கூட்டினால் ஏறத்தாழ 21 டன்தான் வரும். நான்கு டன்னுக்கு மேல் வித்தியாசம்.

நான்கு டன் பெரிய விஷயமா என்று அப்போது எனக்கும் தோன்றியது. 2007-இல் எம்.எஸ்.சி. நாபொலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்து, பிறகு கரைதட்ட வைக்கப்பட்டது. அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த சுமார் 660 கன்டெய்னர்களை விசாரணையில் எடைபோட்டுப் பார்த்தபோது, 137-இல் அறிவித்த எடைக்கும் உண்மை எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. கனமான பெட்டி கீழே, லேசானது மேலே என்று திட்டமிட்டு அடுக்குபவருக்கு நாம் எழுதும் எண்தான் ஒரே ஆதாரம்.

எடையை வைத்துத்தான் கன்டெய்னரின் அளவையும் முடிவு செய்ய வேண்டும். நாற்பது அடிப் பெட்டி இருபது அடியைப் போல இரண்டு மடங்கு சரக்கைத் தாங்கும் என்று நினைப்பது இயல்பு. அது தவறு. இருபது அடிப் பெட்டி பெரும்பாலும் தன் எடையோடு சேர்த்து 30,480 கிலோ வரை தாங்கும், அதாவது சரக்கு 28 டன் போல. நாற்பது அடியின் மொத்த வரம்பும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது. அதன் வெற்று எடை நான்கு டன்னை நெருங்குவதால், உள்ளே கொள்ளும் எடை சில வேளைகளில் இன்னும் குறைவு. நாற்பது அடியில் கூடுவது இடம்தான், ஏறக்குறைய 67 கன மீட்டர், இருபதில் 33. பஞ்சு மெத்தைக்கு நாற்பது, ஓட்டுக்கும் கல்லுக்கும் இருபது.

என் இருபது பேலட்டும் 1.2-க்கு 1 மீட்டர், உயரம் 1.05. பத்தைத் தரையில் வைத்து, பத்தை மேலே அடுக்கினால் இருபது அடியிலேயே அடங்கிவிடும், சுமார் 25 கன மீட்டர். பெட்டி தாங்கினாலும் சாலை தாங்குமா என்பதை இரு முனையிலும் கேட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நெடுஞ்சாலையில் லாரி, சேசிஸ், பெட்டி, சரக்கு எல்லாம் சேர்த்து 80,000 பவுண்டு, அதாவது 36 டன்தான் பொதுவான வரம்பு. கனமான இருபது அடிப் பெட்டிக்குச் சில கப்பல் நிறுவனங்கள் கூடுதல் கட்டணமும் கேட்கும். கட்டணம் கேட்கும்போதே உண்மை எடையைச் சொல்லிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

துறைமுகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெயரோடு நாட்டையும் ஐந்தெழுத்துக் குறியீட்டையும் எழுதுங்கள். திரிப்பொலி என்று எழுதினால் லிபியாவில் ஒன்று, லெபனானில் ஒன்று. LYTIP அல்லது LBKYE என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. சரக்கு துறைமுகத்தோடு நிற்கிறதா, உள்நாட்டு ஊர் வரை போகிறதா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் வேறு, பொறுப்பு வேறு.

தேதிக்கு வருவோம். ஏஜென்டுக்கு உங்களிடமிருந்து உண்மையில் வேண்டியது சரக்கு தயாராகும் தேதி. கப்பல் புறப்படும் தேதி கப்பல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, நீங்கள் விருப்பத்தைத்தான் சொல்ல முடியும். கப்பல் வியாழன் புறப்படுகிறது என்றால் புதன் மாலை வரை அவகாசம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு முன்பே கதவுகள் ஒவ்வொன்றாக மூடிவிடும். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்குக்கான விவரம் கொடுக்க ஒரு கெடு, வி.ஜி.எம். கொடுக்க ஒரு கெடு, கன்டெய்னரை யார்டுக்குள் கொண்டுபோக ஒரு கெடு. ஒவ்வொரு கப்பலுக்கும் இவை மாறும்.

எல்.சி.யில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தின் பேரில் வியாபாரம் என்றால் இன்னொரு தேதி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்: கடைசி ஏற்றுமதித் தேதி. என் முதல் சரக்கில் அது 15-ஆம் தேதி. 12-ஆம் தேதிக் கப்பலை நம்பியிருந்தேன், தள்ளிவிட்டதால் 19-ஆம் தேதிக் கப்பலில்தான் ஏறியது. பில் ஆஃப் லேடிங்கில் ஏற்றிய தேதி 19 என்று விழுந்தவுடன் வங்கி ஆவணத்தில் முரண் என்று குறித்துத் திருப்பிவிட்டது. வாங்குபவர் மனம் வைத்து ஏற்றுக்கொண்டதால் பணம் வந்தது. வரும் வரை தூக்கம் இல்லை. வாரம் ஒரு கப்பல் உள்ள வழித்தடத்தில், கெடுவுக்கு முந்தைய கடைசிக் கப்பலைக் கேட்கவே கூடாது. அதற்கு முந்தையதைக் கேட்டு, கடைசியை மாற்றாக எழுத வேண்டும்.

இப்போது இதையே மறுபடி அனுப்புவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். துறைமுகங்கள் எடுத்துக்காட்டுக்குத்தான்.

“வணக்கம். கீழ்க்கண்ட சரக்குக்கு ஒரு கன்டெய்னரில் இடம் பதிவு செய்து தர வேண்டுகிறேன்.
சரக்கு: தரை ஓடுகள், எச்.எஸ். எண் 6907, அபாயமற்றது. 20 பேலட், 25.2 கன மீட்டர்.
சரக்கின் மொத்த எடை: 22,900 கிலோ, கன்டெய்னர் எடை சேராமல்.
தேவை: இருபது அடிச் சாதாரணக் கன்டெய்னர் ஒன்று.
ஏற்றும் துறைமுகம்: கிள்ளான், மலேசியா, MYPKG. இறக்கும் துறைமுகம்: ஹாம்பர்க், ஜெர்மனி, DEHAM. அதற்கு மேல் உள்நாட்டுப் போக்குவரத்து வேண்டாம்.
சரக்கு தயாராகும் நாள்: ஜூன் 13, வெள்ளி. காலி கன்டெய்னர் 14 அன்று வேண்டும்.
விரும்பும் கப்பல்: ஜூன் 19 புறப்படுவது. இல்லையென்றால் ஜூன் 26. எல்.சி.யின் கடைசி ஏற்றுமதித் தேதி ஜூன் 30.
கடல் கட்டணத்தைச் செலுத்துபவர்: நாங்கள்.
கப்பல் பெயர், கெடு நேரங்கள், வழியில் கப்பல் மாறுமா என்ற விவரம், காலி கன்டெய்னர் எடுக்குமிடம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்.”

மாதத்தை எழுத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 7/8 என்று எழுதினால் ஒருவருக்கு ஆகஸ்ட், இன்னொருவருக்கு ஜூலை. கட்டணம் யார் கொடுப்பது என்ற வரி சிறியதுதான், ஆனால் அது இல்லாமல் ஏஜென்ட் வேலையைத் தொடங்கவே மாட்டார். எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரை மட்டுமே செலவு நம்முடையது என்ற விலையில் விற்றிருந்தால் பெரும்பாலும் வாங்குபவரே தன் ஏஜென்டை நியமித்திருப்பார். அவர் யார் என்று கேட்டு அவருக்கே எழுத வேண்டும், நாமாகப் புக்கிங் போடக் கூடாது.

பதிலாகப் புக்கிங் உறுதி வரும்போது எண்ணையும் கப்பல் பெயரையும் பார்த்து மூடி வைத்துவிடாதீர்கள். எடை வரியையும் டெர்மினல் பெயரையும் படியுங்கள். கிள்ளானிலேயே நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. லாரி ஒன்றுக்குப் போய், கப்பல் மற்றதில் நின்றால் அந்தக் கெடு போயே போய்விடும். பிறகு ஒரு பேலட் கூடினாலும் குறைந்தாலும், நிரப்புவதற்கு முன்பே ஏஜென்டுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். அன்றைக்கு நான் ஏற்றிய அந்த மூன்று பேலட்டுக்கு ஒரு வரி எழுதியிருந்தால், பதினைந்தாம் தேதிக்குள் என் பெட்டி கப்பலில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு.