பித்த நாளம் விரிந்திருக்கிறது, கல்லோ தென்படவில்லை

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 61. பித்தப்பையை அகற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதமாகச் சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் வலி. பிலிரூபின் 2.2, அல்கலைன் பாஸ்பட்டேஸ் இயல்பைவிட இரு மடங்கு. வயிற்று ஸ்கேனில் பித்த நாளம் 12 மி.மீ., ‘கீழ்ப்பகுதி குடல் வாயுவால் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். சேலத்தில் ஒரு மருத்துவர் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்யலாம் என்கிறார், வாய்வழிக் குழாய் மூலம் பித்த நாளத்துக்குள் நுழையும் இ.ஆர்.சி.பி.யை நேரே செய்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: உங்கள் தாயாரின் ஸ்கேன் அறிக்கையில் 12 என்ற எண்ணைவிட முக்கியமானது ‘கீழ்ப்பகுதி தெரியவில்லை’ என்ற வரிதான். பித்தப்பையை எடுத்தவர்களுக்குப் பித்த நாளம் ஓரளவு விரிவது இயல்பு, 10 மி.மீ. வரை இருந்தாலும், வலியில்லாமல் இரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தால் நாங்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே அளவு அதைத் தாண்டியிருப்பதுடன், வலியும் இருக்கிறது, பித்தம் வடிவதில் தடை உண்டு என்பதை இரத்தப் பரிசோதனையும் காட்டுகிறது. அந்தத் தடை பெரும்பாலும் நாளத்தின் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில்தான் இருக்கும். வயிற்றின் மேல் வைக்கும் கருவிக்கு எட்டாத இடமும் அதுவேதான்; ஒலியலைகள் வாயுவைக் கடந்து செல்வதில்லை, முன்சிறுகுடலில் நிற்கும் வாயு அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் ஸ்கேன் கருவியை மிகச் சிறியதாக்கி, வாய்வழியே செலுத்தும் எண்டோஸ்கோப் குழாயின் நுனியில் பொருத்தியிருக்கிறார்கள். குழாய் இரைப்பையைக் கடந்து முன்சிறுகுடலை அடைந்ததும், அந்த மெல்லிய சுவருக்கு மறுபுறம் பித்த நாளம் ஒட்டினாற்போல் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது தோல், கொழுப்பு, குடல் ஆகிய அனைத்தையும் கடந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டிய அலை, இங்கே ஒரு சென்டிமீட்டர் போனால் போதும். தொலைவு குறைவு என்பதால் அதிர்வெண் கூடிய அலைகளைப் பயன்படுத்த முடிகிறது. அதனால் இரண்டு மில்லிமீட்டர் கல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கல் வெண்ணிறப் புள்ளியாகவும், அதன் பின்னால் கறுப்பு நிழலாகவும் தோன்றும். அந்த நிழல்தான் எங்களுக்குச் சாட்சி.

சென்ற ஆண்டு நாகலூர்ப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலை செய்யும் 58 வயதுக்காரர் ஒருவர் வந்தார். நாளம் 11 மி.மீ., பிலிரூபின் 1.9, எம்.ஆர்.சி.பி. அறிக்கை ‘கல் இல்லை’ என்றது, ஆனால் ஆறு வாரமாக வலி விடவில்லை. எம்.ஆர்.சி.பி. நல்ல பரிசோதனைதான், மயக்க மருந்து வேண்டாம், குழாய் வேண்டாம், கல்லீரலுக்குள் ஓடும் கிளை நாளங்களையும் ஒரே படத்தில் காட்டிவிடும். ஆனால் 5 மி.மீ.க்குக் குறைந்த கல், அதுவும் நாளம் குறுகி முடியும் வாயிலில் சிக்கியிருந்தால், அதன் கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு. இவருக்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் நாளத்தை மேலிருந்து கீழாகப் பின்தொடர்ந்து வந்தபோது, குடலில் அது திறக்கும் சிறு முகட்டுக்குச் சற்று மேலே, மிளகைவிடச் சிறிய, 4 மி.மீ. கல் நிழலோடு நின்றது. அதே மயக்கத்திலேயே குழாயை மாற்றி, இ.ஆர்.சி.பி. மூலம் நாள வாயிலைச் சிறிது கீறி, பலூனால் கல்லை இழுத்து எடுத்தோம். இரண்டு வாரத்தில் பிலிரூபின் 0.8 ஆகிவிட்டது.

அப்படியானால் உங்கள் உறவினர் சொல்வதுபோல் நேரே இ.ஆர்.சி.பி. செய்தால் என்ன என்று தோன்றலாம். அது பார்க்கும் பரிசோதனை அன்று, சிகிச்சை. அதைச் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. சிலருக்கு அது கடுமையாகவும் அமைந்துவிடும். கல் இல்லாத நாளத்துக்குள் நுழைந்து அந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. குளிர்க்காய்ச்சலோடு மஞ்சள் காமாலை வந்தாலோ, ஸ்கேனில் கல் நேராகவே தெரிந்தாலோ, நாளம் விரிந்திருக்கும்போது பிலிரூபின் 4-ஐத் தாண்டினாலோ நேரே இ.ஆர்.சி.பி. செய்வதே முறை, அப்போது வேறு பரிசோதனைக்காகக் காத்திருப்பது காலவிரயம். உங்கள் தாயார் இதில் எதிலும் அடங்கவில்லை. கல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இந்த நடுநிலைதான் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டுக்கு உரிய இடம்.

கல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளத்தின் கீழ்ப்பகுதி கணையத்தின் தலைப்பகுதிக்குள் புதைந்து செல்வதால், அதே குழாய் அதே இடத்திலிருந்து கணையத்தையும் காட்டுகிறது. பித்த நாளத்தோடு கணைய நாளமும் சேர்ந்து விரிந்திருந்தால் கல்லைவிடக் கட்டியைத்தான் முதலில் தேடுவோம். சி.டி. ஸ்கேனில் புலப்படாத, 2 சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகூடச் சுற்றியுள்ள திசுவைவிடக் கறுத்த பகுதியாக இதில் தெரியக்கூடும்; தேவைப்பட்டால் குழாய் வழியாகவே மெல்லிய ஊசியைக் குடல் சுவரினூடே செலுத்தித் திசு மாதிரி எடுக்கலாம். ஆனால் மாதிரியில் புற்றுநோய் செல் இல்லை என்ற முடிவு, நோயே இல்லை என்பதற்கு உறுதியாகாது. ஊசி பட்ட இடத்தை மட்டுமே அது சொல்லும். நீண்டகால அழற்சியால் கணையம் முழுவதும் தழும்பும் சுண்ணாம்புப் படிவுமாக இருப்பவர்களிடம் கட்டியைப் பிரித்தறிவதும் கடினம்.

மூன்றாவது சாத்தியம், நாள வாயிலிலேயே வளரும் சிறு கட்டி. இங்கேதான் குடல் சுவரைப் பார்க்கும் திறன் கைகொடுக்கிறது. இந்த ஸ்கேனில் குடல் சுவர் வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி ஐந்து அடுக்குகளாகத் தெரியும். நான்காவதான கறுப்பு அடுக்கு தசை. கட்டி அந்தத் தசை அடுக்கையோ நாளத்தின் உட்புறத்தையோ தொடாமல் மேலாகவே நின்றால், எண்டோஸ்கோப் வழியாக வெட்டி எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஊடுருவியிருந்தால் அறுவை சிகிச்சைதான்.

இந்தப் பரிசோதனையும் ஏமாறுவதுண்டு. முதியவர்கள் சிலருக்கு நாள வாயிலுக்கருகே குடலில் ஒரு பைபோன்ற பிதுக்கம் இருக்கும். அதில் தேங்கிய காற்றைக் கல் என்று நானே ஒருமுறை நினைத்து, குடலில் தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகுதான் தெளிந்தேன். நாளத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருந்தால் காற்றுக் குமிழிகளும் அப்படியே குழப்பும். ஆகவே செய்பவரின் கைப்பழக்கம் இதில் மிகவும் பொருட்டு. அதே இடத்தில், அதே நாளில் இ.ஆர்.சி.பி. செய்யும் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இருந்தால் கல் தென்பட்டாலும் இரண்டாவது முறை மயக்க மருந்து தேவைப்படாது. அந்த வசதி அருகில் இல்லாவிட்டாலோ, தாயாருக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று இதய மருத்துவர் சொன்னாலோ, எம்.ஆர்.சி.பி.யில் தொடங்குவதே சரி.

ஆறு மணி நேரம் உணவின்றி வர வேண்டும். பரிசோதனை அரைமணி நேரத்துக்குள் முடியும். குழாயின் நுனி சாதாரண எண்டோஸ்கோப்பைவிடத் தடித்தும் விறைப்பாகவும் இருப்பதால் குடலில் துளை விழும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது மிக அரிது. தாயார் க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால், ஊசி போடவோ வாயிலைக் கீறவோ நேரலாம் என்பதால் முன்பே சொல்லிவிடுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம். மயக்கம் தெளிந்தாலும் அன்றிரவு சேலத்திலேயே தங்கிவிடுவது நல்லது. திடீரென வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால், இரவு நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வர வேண்டியிருக்கும்.