வைரஸ் கேள்வி-பதில்: நகலெடுப்பில் நேரும் பிழைகள்

போலியோ, தட்டம்மை இரண்டுமே ஓரிழை ஆர்என்ஏ வைரஸ்கள்தானே? ஏன் வெவ்வேறு வகையில் வைக்கிறார்கள்?

இந்தப் பகுப்பு அமெரிக்க உயிரியலாளர் டேவிட் பால்டிமோர் 1971இல் தந்தது. அப்போது ஆறு வகைகள். ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்கான ஏழாவது வகை பிறகு சேர்ந்தது. மரபுப்பொருளில் தொடங்கி, தூது ஆர்என்ஏவை வைரஸ் எந்த வழியில் உண்டாக்குகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். நம் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குத் தூது ஆர்என்ஏவை மட்டுமே படிக்கத் தெரியும்.

போலியோவின் மரபிழை நேர் இழை. அதுவே தூது ஆர்என்ஏவாகவும் இருப்பதால், உள்ளே நுழைந்ததும் புரத உற்பத்தி தொடங்கிவிடும். தட்டம்மையுடையது எதிர் இழை. முதலில் அதைப் பார்த்து நேர் இழை எழுதியாக வேண்டும். அதற்கான நொதி நம் செல்லில் கிடையாது. வைரஸே கூடச் சுமந்து வருகிறது. புரதத்தை முழுக்க நீக்கிவிட்டு போலியோ ஆர்என்ஏவை மட்டும் செல்லுக்குள் செலுத்தினால் புது வைரஸ்கள் உருவாகும். தட்டம்மை ஆர்என்ஏவை அப்படிச் செலுத்தினால் ஒன்றும் நடக்காது.

ஆர்என்ஏ வைரஸ்கள் வேகமாக மாறுவது, ஆர்என்ஏ எளிதில் சிதையும் மூலக்கூறு என்பதாலா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் நகலெடுக்கும் நொதியில் இருக்கிறது. ஹெர்பிஸ், பெரியம்மை போன்ற பெரிய டிஎன்ஏ வைரஸ்களின் நொதி, மரபிழையில் தவறான மரபெழுத்தைச் சேர்த்துவிட்டால் பின்வாங்கி, அதை வெட்டியெடுத்துவிட்டுச் சரியானதைப் போடும். பெரும்பாலான ஆர்என்ஏ வைரஸ்களின் நொதிக்கு இந்தத் திறன் இல்லை.

போலியோவையே எடுத்துக்கொள்வோம். தோராயமாகப் பத்தாயிரம் எழுத்துக்கு ஒரு பிழை என்று வைத்தால், அதன் மரபிழையில் இருப்பது சுமார் 7,500 எழுத்துகள். ஆக, சராசரியாக நகலுக்கு ஒன்றை நெருங்கிய பிழை. பாதிக்கப்பட்ட ஒரு செல்லிலிருந்து ஆயிரக்கணக்கான நகல்கள் வருகின்றன. அவற்றில் பல உருப்படாமல் போகும், சில தப்பிப் பிழைக்கும். மூன்றாம் வகை போலியோ சொட்டு மருந்தில் உள்ள வைரஸின் வீரியத்தைக் குறைத்த முக்கிய மாற்றங்களில் ஒன்று 472ஆம் எழுத்தில் இருக்கிறது. அங்கே சி இருந்த இடத்தில் யு. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் குடலில் அது சில நாட்களிலேயே மறுபடி சி ஆகிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

கொரோனாவும் அப்படித்தானா?

இல்லை, அது விதிவிலக்கு. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட நீண்ட மரபிழை அதனுடையது. என்எஸ்பி14 என்ற தனிப் புரதம் பிழைகளை வெட்டியெடுக்கிறது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் இவ்வளவு நீள இழையைக் காப்பாற்றுவது கடினம்.

அப்படியானால் 1960களில் வந்த தட்டம்மைத் தடுப்பூசி இன்னும் எப்படி வேலை செய்கிறது?

நல்ல கேள்வி. தட்டம்மையின் நொதியும் பிழை செய்கிறது, திருத்துவதில்லை. ஆனால் நம் எதிர்ப்பொருள்கள் முக்கியமாகப் பற்றுவது ஹெச் என்ற மேற்பரப்புப் புரதத்தை. நம் செல்லில் ஒட்டிக்கொள்ள வைரஸ் பயன்படுத்துவதும் அதே புரதம்தான். ஒட்டும் பகுதியில் எழுத்து மாறினால் எதிர்ப்பொருளிடமிருந்து தப்பலாம், ஆனால் செல்லுக்குள் நுழைய முடியாமல் போய்விடும். ஃப்ளூவில் ஒட்டும் பள்ளத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் மாறினாலும் அந்தப் புரதம் வேலை செய்கிறது. அதனால்தான் ஃப்ளூ தடுப்பூசியை அடிக்கடி மாற்றுகிறார்கள்.