கட்டிப்பிடித்திருக்கும் அண்ணன் தங்கை: ஒரு படத்தின் பழைய தடத்தைத் தேடுவது எப்படி?

நேபாள நிலநடுக்கத்தில் தப்பிய அண்ணன் தங்கை என்று ஒரு படம் குடும்ப குரூப்பில் மறுபடி சுற்றுகிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? (பள்ளி ஆசிரியை, திருச்சி)

முதலில் படத்தின் மேல் ஒட்டிய எழுத்து, கறுப்புப் பட்டை, இதயக்குறி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் அதே எழுத்துள்ள ஃபார்வர்டுகள்தான் திரும்ப வரும். பிறகு கூகுள் லென்ஸில் போட்டு, தேர்வுக் கட்டத்தை முழுப் படத்துக்கும் இழுத்துவிட்டு, `Exact matches` பகுதிக்குப் போங்கள். முதல் பக்கத்தில் வரும் ஒத்த படங்களில் வேறு குழந்தைகள்கூட இருப்பார்கள். அங்கே நேரம் போக்க வேண்டாம்.

நிலநடுக்கம் 2015 ஏப்ரல் 25. அதற்கு முன் இந்தப் படம் எங்காவது வெளிவந்ததாக ஒரே ஒரு நம்பகமான பக்கம் கிடைத்தாலும் தலைப்பு பொய். உண்மையில் இது வியட்நாமின் ஹா ஜியாங் மாகாணத்தில், 2007 அக்டோபரில் நா சன் நுயென் என்ற புகைப்படக்காரர் எடுத்தது.

TinEye என்ற படத்தேடல் தளத்தில் `Oldest` என்று அடுக்கினால் முதலில் வருவதுதான் மூலம். இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? (கல்லூரி மாணவர்)

பாதி சரி. ஆனால் அங்கே காட்டும் தேதி, அந்தத் தளத்தின் தேடுபொறி படத்தை முதலில் கண்ட நாள். படம் வெளியான நாள் அதற்கும் முந்தையதாக இருக்கலாம். அதற்குள் யாராவது பத்து முறை திருடிப் போட்டிருக்கவும் கூடும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 2009இல் எழுதிய பதிவின் ஓரத்தில் ‘இப்போது பிரபலம்’ பெட்டி இருக்கும். அதில் இன்றைய படம் தெரியும், பக்கத்தின் தேதியோ 2009. எனவே படம் கட்டுரைக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். படத்தின் முகவரியையும் தனியாகத் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ் தளமானால் `wp-content/uploads/2012/05/` போல ஆண்டும் மாதமும் அதிலேயே இருக்கும். அடுத்து பக்கத்தின் முகவரியை `web.archive.org` தளத்தில் போட்டு, பழைய சேமிப்பில் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் பழையது என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன தலைப்போடு வந்தது என்பதை எப்படிப் பிடிப்பது? (பத்திரிகை நிருபர்)

சிரமமான வேலை இதுதான். இந்தப் படத்துக்குத் தலைப்புகள் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. வியட்நாம் ஃபேஸ்புக்கில் ‘கைவிடப்பட்ட அனாதைகள்’, வேறு இடங்களில் பர்மிய அனாதைகள், சிரியப் போரில் சிக்கியவர்கள், கடைசியில் நேபாளம். ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் மேலடுக்கோடு நின்றுவிடுவீர்கள். பழைய முடிவுகள் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியின் சொற்களை எடுத்து, தேதி வரம்போடு தேடுங்கள்:

```
"Hà Giang" hai anh em before:2015-04-25
```

கூகுள் ஊகிக்கும் தேதி சில சமயம் தவறும், அதனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். TinEye-இல் `Biggest image` என்றும் அடுக்கிப் பாருங்கள். வெட்டாத பெரிய பிரதி பெரும்பாலும் எடுத்தவருக்கு அருகில் இருக்கும். ஓரத்தில் பெயரும் தெரியலாம். பெயர் கிடைத்தால் எடுத்தவரையே கேளுங்கள். இங்கே அவர் 2015இல் பிபிசியிடம் சொன்னது: பெற்றோர் வயலில் வேலையாக இருக்க, குழந்தைகள் வீட்டு முன் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அந்நியரைப் பார்த்துச் சின்னவள் அழ, அண்ணன் அணைத்துக்கொண்டான். அனாதைகளும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை.

என் தம்பி படத்தை யாரோ போலிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இதே வழியில் அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கலாமா? (இல்லத்தரசி, சேலம்)

பெரும்பாலும் முடியாது. பூட்டிய கணக்குகளும் ஃபேஸ்புக் பதிவுகளில் பெரும்பகுதியும் இந்தத் தேடல்களுக்கு எட்டாது. போலிக் கணக்கின் இணைப்பு ஏற்கெனவே கையில் இருந்தால், அந்தத் தளத்தில் உள்ள ஆள்மாறாட்டப் புகார் வழியாகப் போவதே வேகம்.

நான் சேமித்த கோப்பின் விவரத்தில் 2015 என்று இருக்கிறது. கேமரா பொய் சொல்லுமா? (ஓய்வு பெற்றவர்)

அது கேமரா எழுதியதுதானா என்று, கோப்பின் விவரங்களைக் காட்டும் exiftool நிரலில் பாருங்கள்:

```
exiftool -DateTimeOriginal -FileModifyDate photo.jpg
```

முதல் வரி வராமல் இரண்டாவது மட்டும் வந்தால், உங்களிடம் இருப்பது கோப்பைச் சேமித்த நாள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கேமரா விவரம் உதிர்ந்துவிடும். முதல் வரி வந்தாலும், கேமராவின் கடிகாரம் தவறாக இருக்கலாம். யாராவது மாற்றியும் எழுதலாம்.

எல்லாம் செய்தும் 2015க்கு முன் எதுவும் வரவில்லை என்றால், படம் உண்மை என்று எழுதிவிடலாமா? (அதே மாணவர்)

கூடாது. மூடப்பட்ட வலைப்பதிவுகள் தேடலில் இருந்து மறைந்துவிடுகின்றன. படத்தை இடவலமாகத் திருப்பி ஒருமுறை, முகங்களை மட்டும் வெட்டி ஒருமுறை தேடுங்கள். யாண்டெக்ஸ், பிங் இரண்டிலும் பாருங்கள். அதன் பிறகும் ‘எங்களுக்குக் கிடைத்த மிகப் பழைய பிரதி இது’ என்று மட்டும் எழுதுங்கள். இந்தப் படத்திலேயே கூட, 2015க்கு முந்தையது என்பது வரைதான் தேடல் காட்டும். ‘2007 அக்டோபர்’ என்பதற்கு ஆதாரம் எடுத்தவரின் சொல். அதை அவர் பெயரோடுதான் எழுத வேண்டும்.