குழந்தையின் தலையில் மஞ்சள் பொருக்கு, உடம்பில் வறட்சி: எண்ணெய் எங்கே, எப்போது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு மாதம் முடிகிறது. உச்சந்தலையில் மஞ்சளாகத் தடித்த பொருக்கு படிந்திருக்கிறது. கை காலெல்லாம் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது. அம்மா தினமும் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தடவி, பயத்தம் மாவு தேய்த்துத்தான் குளிப்பாட்டுகிறார். ஆனாலும் பொருக்கு கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பதில்: தலையில் இருப்பதும் கை காலில் இருப்பதும் வேறு வேறு. தலையில் எண்ணெய்ப் பசை மிகுதி, உடம்பில் ஈரம் குறைவு. இரண்டுக்கும் ஒரே குளியலைச் செய்வதால்தான் இரண்டுமே அடங்காமல் இருக்கின்றன.

தலையில் இருப்பதைக் கிரேடில் கேப் என்பார்கள். தாயிடமிருந்து வந்த ஹார்மோன்களின் தூண்டுதலால் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகள் கொஞ்ச காலம் அதிகமாகச் சுரக்கும், உதிர வேண்டிய தோல் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு செதிலாகத் தடிக்கும். எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்டுக்கும் இதில் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள், அந்த ஈஸ்டுக்கு உணவே கொழுப்புதான். சுத்தக் குறைவால் வருவதல்ல, ஒட்டிப் பரவாது, பெரும்பாலும் அரிக்கவும் அரிக்காது. முதல் பிறந்தநாளுக்குள் அநேகமாகத் தானாகவே போய்விடும்.

அதனால் தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை. செதிலை ஊறவைக்க மட்டும் வையுங்கள், ஊறியதும் முழுக்க எடுத்துவிடுங்கள். குளிக்க இருபது நிமிடம் முன்னால் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயைப் பொருக்கு உள்ள இடத்தில் மட்டும் தடவி, மிக மென்மையான குழந்தை பிரஷ்ஷாலோ ஈரத் துணியாலோ மெதுவாக நீவுங்கள். தானாகப் பெயர்ந்து வருவது வரட்டும், மிச்சத்தை நகத்தால் கிள்ளவே கூடாது, கிள்ளிய இடம் புண்ணாகி கிருமி நுழையும். செதிலோடு நாலைந்து முடியும் வரும், அது மறுபடி முளைத்துவிடும். அப்புறம் வாசனை இல்லாத பேபி ஷாம்பூ கொஞ்சம் போட்டு நுரைத்து அலசுங்கள். கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய் வேண்டாம். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவை மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

பொருக்கு பெரும்பாலும் உச்சிக்குழியைச் சுற்றித்தான் தடித்துக் கிடக்கும், கவனித்துப் பாருங்கள். அங்கே கை வைக்கப் பயந்து எண்ணெயை வழியவிட்டுவிட்டு, அலசும்போது மட்டும் ஒதுங்கிப் போய்விடுகிறோம். விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால் அந்த இடத்துக்கு ஒன்றும் ஆகாது. தலை துவட்டியதும் ஒரு டிஷ்யூ பேப்பரை உச்சியில் ஒற்றிப் பாருங்கள், பேப்பரில் எண்ணெய்க் கறை விழுந்தால் இன்னொரு முறை அலச வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும், தினமும் வேண்டாம். குறைந்துவிட்டால் வாரம் இரண்டு தலைக்குளியல்.

பயத்தம் மாவை நிறுத்திவிடுங்கள். எண்ணெயோடு சேர்ந்து செதிலுக்குள் ஒட்டிக் காய்ந்து பொருக்கைத்தான் கூட்டும், உடம்பிலோ அதன் நொறுநொறுப்பு மெல்லிய தோலைத் தேய்த்து இருக்கிற பசையையும் எடுத்துவிடும்.

சரி, உடம்புக்கு வருவோம். அங்கே நம் வழக்கத்தையே தலைகீழாக்க வேண்டும். குளிக்கும் முன் எண்ணெய் தடவி, அதையே சோப்பும் மாவும் போட்டுத் தேய்த்து எடுத்தால் தோலில் மிஞ்சுவது வறட்சிதான். வெதுவெதுப்பான நீரில், முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்காத அளவில், ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடியுங்கள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு தவிர வேறெங்கும் சோப்பு தேவையில்லை. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது, குழந்தைத் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ பெட்ரோலியம் ஜெல்லியோ கை காலில் தடவி அப்படியே விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்று அம்மா சொன்னால் அதையும் இந்த நேரத்தில் தடவலாம். பவுடர் வேண்டாம், மடிப்பில் கட்டியாகிவிடும், மூச்சிலும் போகும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், இந்த வயது நுரையீரல் அதைத் தாங்காது.

மூன்று வாரத்தில் தலை தெளியத் தொடங்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். செதில் முகத்துக்கும் மடிப்புகளுக்கும் இறங்கினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தப் புள்ளிகள் தெரிந்தாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். கன்னம் சிவந்து, குழந்தை துணியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு தூங்காமல் அழுதால் அது எக்ஸிமாவாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. மூன்று மாதம் முடியாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தோல் எப்படி இருந்தாலும் சரி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.